விமானம் எடையைப் பார்க்கும், கப்பல் இடத்தைப் பார்க்கும்

வேலைக்காக வெளிநாடு போவது உறுதியாகி, ஒருவழி டிக்கெட்டும் எடுத்தாயிற்று. திரும்பும் தேதி இல்லாததால் "இதை அடுத்த தடவை வந்து எடுத்துக்கலாம்" என்று எந்தப் பொருளையும் ஒதுக்கி வைக்க முடியவில்லை. ஏற்கெனவே போய்க் குடியேறிய இரண்டு பேரிடம் யோசனை கேட்டேன். ஒருவர், "கூடுதல் பெட்டிக்குப் பணம் கட்டிக் கையோடு கொண்டு போயிடு, வேற எதையும் யோசிக்காதே" என்றார். மற்றவர், "அவ்வளவு பணத்தை விமானத்துக்குக் கொடுப்பாங்களா? கப்பல்ல போட்டுட்டுப் போ" என்றார். இருவருமே சொந்த அனுபவத்தில்தான் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தபோது இருவர் சொன்னதும் சரி என்று தெரிந்தது. ஆனால் வெவ்வேறு சாமானுக்கு, வெவ்வேறு அளவுக்கு. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விமானப் பெட்டி. விமான நிறுவனங்கள் சாமானை இரண்டு விதமாகக் கணக்கிடுகின்றன. ஒன்று, மொத்த எடை: 30 கிலோ என்றால் எத்தனை பெட்டியில் வேண்டுமானாலும் போடலாம், அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். இன்னொன்று, பெட்டிக் கணக்கு: இத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள், நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள். உங்கள் டிக்கெட் இதில் எந்த வகை என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். முதல் வகையில் ஒவ்வொரு கிலோவும் காசு. இரண்டாம் வகையில் பெட்டி பாதி காலியாக இருந்தாலும் அதே கட்டணம்தான். ஆகவே எப்படி அடுக்குகிறோம் என்பதே செலவைத் தீர்மானிக்கும். என் டிக்கெட் இரண்டாம் வகை. இரண்டு பெட்டி இலவசம்.

இலவசமாகப் போனது போக எனக்கு மிச்சமிருந்தது ஐந்து அட்டைப்பெட்டி. இரண்டில் புத்தகம், ஒவ்வொன்றும் 23 கிலோ, அளவு 45, 35, 30 சென்டிமீட்டர். இரண்டில் போர்வை, தலையணை, கனமான குளிர்காலத் துணி. ஒவ்வொன்றும் 13 கிலோதான், ஆனால் அளவு 60, 50, 48. ஐந்தாவதில் பாத்திரமும் சில கருவிகளும், 18 கிலோ, 60, 45, 45. அட்டைப்பெட்டியின் எடையையும் சேர்த்து மொத்தம் 90 கிலோ. எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொள்ளும் இடம் அரை கன மீட்டர்.

பணம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், என் முதல் கூடுதல் பெட்டியை இணையத்தில் முன்பே வாங்கினால் ஆகும் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எல்லா விலையையும் அந்த அளவிலேயே சொல்கிறேன். உங்களுக்கு வரும் விலைகள் வேறாக இருக்கலாம். ஒன்றுக்கொன்று எப்படி ஏறுகின்றன என்பதைக் கவனித்தால் போதும்.

எனக்கு முதல் கூடுதல் பெட்டி 100, அதற்கு மேல் ஒவ்வொன்றும் 120. ஒரு பெட்டி 23 கிலோவைத் தாண்டி 32 வரை போனால் அதற்குத் தனியாக 75. 32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியாகப் பெரும்பாலும் வாங்கவே மாட்டார்கள், ஏனென்றால் அதைத் தூக்குவது ஒரு மனிதர். ஐந்து பெட்டியையும் அப்படியே கொண்டு போனால் 100-ம், நான்கு 120-ம் சேர்ந்து 580. ஆனால் போர்வைப் பெட்டி இரண்டிலும் 10 கிலோவுக்கு இடம் சும்மா இருக்கிறது. புத்தகத்தை அடியில் வைத்து, சுற்றிலும் துணியைத் திணித்து, ஐந்தையும் கலைத்து நான்காகக் கட்டினால் ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. செலவு 460. வீட்டில் யாரும் கேட்காமலே பலர் செய்வது இதற்கு நேர் எதிர்: புத்தகத்துக்குத் தனிப் பெட்டி, துணிக்குத் தனிப் பெட்டி. பெட்டிக் கணக்கில் அது பணத்தைக் கொட்டுகிற வழி.

"பெட்டியைக் குறைத்து எடையைக் கூட்டினால் என்ன?" என்றும் பார்த்தேன். மூன்று பெட்டி, ஒவ்வொன்றும் 30 கிலோ. பெட்டிக்கு 340, எடைக்கு மூன்று தடவை 75, ஆக 565. பெட்டிக் கட்டணமும் அதிக எடைக் கட்டணமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். பெட்டி 158 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கு மூன்றாவதாக ஒரு கட்டணம். 75 கட்டினால் கிடைப்பது 9 கிலோ, 120 கட்டினால் கிடைப்பது 23 கிலோ. இதை நினைவில் வைத்தால் கவுண்டரில் நின்று யோசிக்க வேண்டியதில்லை. நாலைந்து கிலோ மட்டும் மிஞ்சுகிறது என்றால் மட்டும் அதிக எடைக் கட்டணத்துக்கு அர்த்தம் உண்டு.

அந்தக் கவுண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பல நிறுவனங்களில் இதே பெட்டிக்கு விமான நிலையத்தில் கூடுதலாக வாங்குவார்கள். முன்பே வாங்குவதற்கு ஒரு கடைசி நேரமும் இருக்கும். விழாக் காலங்களிலும் சில வழித்தடங்களிலும் கூடுதல் பெட்டியே கிடையாது என்று தடை போடுவதும் நடக்கும். வழியில் சிறிய விமானத்துக்கு மாறுகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் கேட்டுவையுங்கள்.

ஒருவழி டிக்கெட் எடுப்பவருக்கு இங்கே இரண்டு விஷயம் சாதகம். கூடுதல் பெட்டிக் கட்டணம் ஒவ்வொரு திசைக்கும் தனி. நமக்கு ஒரு திசைதான். அப்புறம், ஒரு படி உயர்ந்த கட்டண வகையில் கூடுதலாக ஒரு பெட்டி அடங்கியிருக்கலாம். இரண்டு டிக்கெட்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு பெட்டிக் கட்டணத்தை விடக் குறைவாக இருந்தால் டிக்கெட்டை மாற்றுவதே லாபம். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பெட்டிக் கணக்கைப் போட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அதனதன் பெட்டி விதி. அதே நான்கு பெட்டிக்கு இரண்டு தடவை கட்ட வேண்டியிருக்கும். நடுவில் பெட்டியை நாமே எடுத்து மறுபடி போட வேண்டியும் வரலாம். அந்த இடத்தில் வெளியே வர விசா தேவையா என்பது இன்னொரு கேள்வி.

சரி, விமானத்தில் நாம் போகாமல் சாமானை மட்டும் அனுப்பினால்? கூரியர், விமானச் சரக்கு என்று இரண்டு வழி. இரண்டிலும் ஒரு பெட்டியின் உண்மையான எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி ஓர் எண்ணால் வகுத்து 'கன எடை' என்று ஒன்றை எடுப்பார்கள். உண்மை எடை, கன எடை இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் பணம். கூரியரில் வழக்கமாக 5000-ஆல் வகுப்பார்கள், விமானச் சரக்கில் 6000-ஆல்.

என் போர்வைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 60, 50, 48 பெருக்கினால் 1,44,000. 5000-ஆல் வகுத்தால் 28.8 கிலோ. தராசில் 13 கிலோ காட்டும் பெட்டிக்குக் கூரியர்க்காரர் 29 கிலோவுக்குப் பணம் கேட்பார். புத்தகப் பெட்டிக்குக் கன எடை பத்துக் கிலோகூட வராது. அதற்கு 23 கிலோதான். பல கூரியர்களில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகப் பார்த்துப் பெரியதைக் கூட்டுவார்கள். அப்படிக் கூட்டினால் என் 90 கிலோ கிட்டத்தட்ட 129 கிலோ ஆகிறது. விமானச் சரக்கிலோ எல்லாப் பெட்டியையும் ஒரே சரக்காகப் பதிவு செய்தால், மொத்த எடையையும் மொத்தக் கன எடையையும்தான் ஒப்பிடுவார்கள். எனக்கு மொத்தக் கன எடை 84, உண்மை எடை 90. ஆகவே 90-க்கே கட்டணம். புத்தகத்தின் கனம் போர்வையின் பருமனை ஈடுகட்டிவிடுகிறது.

இதே போர்வையைக் காற்றை உறிஞ்சும் பையில் போட்டு அமுக்கினால் பருமன் பாதியாகும், எடை அப்படியே இருக்கும். கூரியரில் அது நேரடிச் சேமிப்பு. கையோடு கொண்டு போகும் பெட்டியில் அமுக்குவதால் எடை குறையப் போவதில்லை. அதே பெட்டியில் இன்னும் சாமான் வைக்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்கும் வரை பருமனுக்கு விமான நிறுவனம் தனியாகப் பணம் கேட்பதில்லை. பருமனான, லேசான சாமானைக் கையோடு கொண்டு போவது பொதுவாக நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

விமானச் சரக்கில் எனக்குச் சொன்ன விலை கிலோவுக்கு 3. 90 கிலோவுக்கு 270. இங்கே ஆவணம், பாதுகாப்புச் சோதனை, ஏற்றுகூலி எல்லாம் 90. அங்கே இறக்கி, சுங்கத்தைத் தாண்டி வெளியே கொண்டுவர 150. ஆக 510.

இனி கப்பல். ஒருவரின் சாமான் ஒரு முழுக் கன்டெய்னருக்கு வராது. 20 அடிக் கன்டெய்னரிலேயே சுமார் 33 கன மீட்டர் கொள்ளும். ஆகவே பலருடைய சரக்கோடு சேர்த்து ஏற்றும் எல்சிஎல் முறைதான் நமக்கு. இதில் ஒரு கன மீட்டருக்கா, 1000 கிலோவுக்கா, எது அதிகமோ அதற்குக் கட்டணம். வீட்டுச் சாமான் எதுவும் ஒரு கன மீட்டரில் 1000 கிலோவைத் தொடாது. அதனால் நமக்குக் கப்பல் என்பது இடத்துக்கான வாடகை மட்டும்தான், எடை கேள்வியே இல்லை. ஒரு கன மீட்டரில் என் புத்தகப் பெட்டி இருபது அடுக்கலாம். 460 கிலோ! அதையே கையோடு கொண்டு போக நினைத்தால் இருபது பெட்டிக் கட்டணம்.

ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் ஒரு முழுக் கன மீட்டர். என் அரைக் கன மீட்டருக்கும் அதே பணம்தான்.

விலை கேட்டபோது ஒரு முகவர் உற்சாகமாக, "கன மீட்டருக்கு 80 தாங்க, இதுக்கு மேல குறைவா யாரும் தர மாட்டாங்க" என்றார். அதாவது ஒரு கூடுதல் பெட்டியை விடக் குறைவு. "இது வீட்டு வாசல் வரைக்குமா?" என்று கேட்டேன். "இல்லைங்க, துறைமுகம் வரைக்கும். அங்க ஆகிறதை அங்க கட்டிக்கணும்." அங்கே என்னென்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். முனையக் கையாளுகைக் கட்டணம், கன்டெய்னரைப் பிரித்து நம் சரக்கைத் தனியே எடுக்கும் கிடங்குக் கட்டணம், சரக்கை விடுவிக்கும் ஆணைக்கு ஒரு கட்டணம், சுங்க முகவரின் கூலி, வீடு வரை லாரி. எல்லாம் சேர்ந்து 300. இங்கே கட்டி ஏற்றுவதற்கு 140. கப்பலுக்கு என்று சொன்ன 80, கடைசியில் 520-இல் நின்றது.

இது ஏமாற்று இல்லை. அந்தத் தொழிலில் விலை சொல்லும் முறையே அதுதான். ஒரு கன்டெய்னரை நிரப்பக் கடல் கட்டணத்தைக் குறைத்துச் சொல்வார்கள், சேரும் இடத்தில் இருப்பவர் தன் கட்டணத்தைத் தனியே வாங்குவார். சில வழித்தடங்களில் கடல் கட்டணமே பூஜ்யம் என்றுகூடச் சொல்வார்கள். சேரும் துறைமுகச் செலவை எழுத்தில் தராதவரிடம் சரக்கைக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். சரக்கு அங்கே போய்ச் சேர்ந்த பிறகு நாம் பேரம் பேச முடியாது.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். 90 கிலோவுக்குக் கையோடு 460, விமானச் சரக்கு 510, கப்பல் 520. பெரிய வித்தியாசமே இல்லை, அப்படியிருக்கக் கையோடு கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். சாமானை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள்: 180 கிலோ, ஒரு கன மீட்டர். கையோடு எட்டுப் பெட்டி, 940. விமானச் சரக்கில் கிலோ விலை மட்டும் இரட்டித்து 780. கப்பல் அதே 520. கையோடு கொண்டு போவதில் செலவு படிப்படியாக ஏறுகிறது. கப்பலில் வாசலிலேயே ஒரு பெரிய தொகையை வாங்கிக்கொண்டு, அப்புறம் ஏறக்குறைய சும்மா ஏற்றுகிறார்கள். எனவே கப்பலுக்குப் போவதென்றால் அந்த ஒரு கன மீட்டரை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். அரைகுறையாக அனுப்புவதில் பயன் இல்லை.

பணத்தை விட எனக்கு முக்கியமாகப் பட்டது காலம். கப்பல் சரக்கு வாசலுக்கு வர இரண்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். வேலையில் சேர்ந்த புதிதில் நமக்கு நிலையான முகவரி இருக்காது, தங்குவது தற்காலிக அறையில். குடியிருப்பு அட்டையும் கைக்கு வந்திருக்காது. சரக்கை விடுவிக்க அதையெல்லாம் சுங்கத்தில் கேட்கலாம். இலவசமாகக் கிடங்கில் வைத்திருப்பது சில நாள்தான், அதன் பிறகு நாள் வாடகை ஓடும். ஆகவே கிளம்பும் வாரத்திலேயே கப்பலில் ஏற்றுவது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டிகளைக் கட்டி, எண் போட்டு, பட்டியலோடு வீட்டில் வைத்துவிட்டு, அங்கே வாடகை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அனுப்பச் சொல்வதே மேல்.

இதற்குச் சுங்க விதி இடம் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல நாடுகள், குடியேற வருபவரின் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு வரிவிலக்குத் தருகின்றன, ஆனால் நிபந்தனையோடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக, வருபவர் குறைந்தது 12 மாதம் ஒன்றியத்துக்கு வெளியே வசித்திருக்க வேண்டும்; சாமானைக் குறைந்தது 6 மாதம் பயன்படுத்தியிருக்க வேண்டும்; குடியேறிய 12 மாதத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்; அடுத்த 12 மாதம் அதை விற்கக் கூடாது. கனடாவில் முதல் தடவை இறங்கும்போதே, பின்னால் வரப்போகும் சாமானுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் தனியாக வரும் சாமானுக்கு 3299 என்ற படிவம் இருக்கிறது. போகும் நாட்டின் சுங்கத் தளத்தில் இதைக் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் வாங்கிய புதுப் பொருளை இந்த விலக்கில் சேர்க்க முடியாமல் போகலாம். அதைக் கையோடு கொண்டு போனாலும் பயணிக்கான வரம்பைத் தாண்டினால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொலைந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் பார்த்தேன். பன்னாட்டு விமானப் பயணத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்துகிறபோது, பெட்டிக்கான இழப்பீட்டு வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 2024 டிசம்பர் இறுதியிலிருந்து இந்த எண். இது பெட்டிக்கு அல்ல, ஆளுக்கு. இரண்டு பெட்டி கொண்டு போனாலும் ஆறு பெட்டி கொண்டு போனாலும் அதே வரம்புதான். மதிப்பு அதிகம் என்றால் செக்-இன் செய்யும்போதே தனியாக அறிவித்து அதற்குக் கட்டணம் கட்டலாம். விமானச் சரக்குக்கு வரம்பு கிலோவுக்கு 26 எஸ்டிஆர்.

கப்பலில் இன்னொரு விஷயம் உண்டு. நடுக்கடலில் கப்பலைக் காப்பாற்றச் செலவானால், அதைக் கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்கள் எல்லோரும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது பழைய கடல் சட்டம். 2021-இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் சிக்கியபோது அதைத்தான் அறிவித்தார்கள். நம் புத்தகம் பத்திரமாக இருந்தாலும் பங்கைக் கட்டினால்தான் கைக்கு வரும். சரக்குக் காப்பீடு இதையும் ஏற்கும். அதனால் கப்பலுக்குக் காப்பீடு வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் நாமே கட்டிய பெட்டிக்கு, உடைந்ததற்குப் பணம் தர மாட்டோம் என்ற நிபந்தனை காப்பீட்டில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

கடைசியில் நான் செய்தது இது. முதல் இரண்டு மாதத்துக்கு எது இல்லாமல் முடியாதோ, அதாவது போர்வை, குளிர்காலத் துணி, பாத்திரம், கருவி, அது மட்டும் கையோடு. அமுக்கிக் கட்டியதில் 44 கிலோவும் இரண்டு பெட்டியில் அடங்கியது, செலவு 220. புத்தகம் 46 கிலோவும் வீட்டிலேயே நின்றது. முகவரி கிடைத்த பிறகு, அதோடு இன்னும் புத்தகம், தையல் இயந்திரம், கருவிப்பெட்டி என்று கனமானதாகவே பார்த்துச் சேர்த்து, ஒரு கன மீட்டரை நிரப்பிக் கப்பலில் வரவழைத்தேன். பவர் பேங்க், உதிரி பேட்டரி, சான்றிதழ், வன்தட்டு எதுவும் இந்த இரண்டிலும் இல்லை. லித்தியம் பேட்டரியை உதிரியாகச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, அது நம்மோடு கேபினில்தான் வர வேண்டும்.

பட்டியலில் "இதர பொருட்கள்" என்று எங்கேயும் எழுதவில்லை. அப்படி எழுதிய பெட்டியைத்தான் முதலில் திறந்து பார்க்கத் தோன்றும். "பெட்டி 4: பயன்படுத்திய புத்தகங்கள், பெட்டி 7: தையல் இயந்திரம், பயன்படுத்தியது" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியும், பழைய பொருளுக்கு உரிய மதிப்பும். சரக்குச் சீட்டில் பெறுபவர் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று வரைவை வாங்கிப் பார்த்த பிறகுதான் ஏற்றச் சொன்னேன். விலக்கு கேட்பவர் நான் என்றால், சீட்டிலும் என் பெயர்தான் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரிலோ அங்கே இருக்கும் நண்பர் பெயரிலோ வந்தால், சரக்கு என்னுடையது என்பதைக் கிடங்கு வாடகை ஓட ஓட நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்.